மாரி மழைக்கும் அரிவிவெட்டுக்கும் நடுவே: 240 வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஒரு கால அட்டவணை

"ஐயா, கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழுள்ள நெற்செய்கையாளர்கள் காலபோகத்துக்கு வாங்கும் கடனையும் அதை அடைக்கும் விதத்தையும் பற்றி முதுமாணி ஆய்வு செய்கிறேன். 12 கிராம அலுவலர் பிரிவுகள், பிரிவுக்கு 20 வீடு, மொத்தம் 240. ஒக்டோபரிலிருந்து மார்ச் கடைசி வரை ஆறு மாதம் இருக்கிறது. வினாக்கொத்து ஒக்டோபர், முன்னோடிச் சோதனை நவம்பர், களவேலை டிசெம்பர், தரவு உள்ளீடு ஜனவரி, பகுப்பாய்வு பெப்ரவரி, அறிக்கை மார்ச் என்று போட்டேன். மேற்பார்வையாளர் 'இது கால அட்டவணை இல்லை, நாட்காட்டி' என்று திருப்பி அனுப்பிவிட்டார். எங்கே பிழை?"

பிழை டிசெம்பரில் இருக்கிறது. மற்ற எல்லாம் அதன் பின்னால் வந்த பிழைகள்.

நீங்கள் கேட்கப்போவது இரண்டு காரியம்: விதைக்கும்போது எங்கே, எவ்வளவு வாங்கினார்கள் என்பது ஒன்று, நெல்லை விற்று அதை எப்படி அடைத்தார்கள் என்பது மற்றது. டிசெம்பரில் நெல் வயலில் பச்சையாக நிற்கிறது. கடன் வாங்கியாகிவிட்டது, அடைக்கவில்லை. உங்கள் வினாக்கொத்தின் இரண்டாம் பாதிக்கு அந்த மாதத்தில் எந்த வீட்டிலும் பதில் கிடையாது. போன வருடத்துப் போகத்தைப் பற்றிக் கேட்கலாமே என்று நினைப்பீர்கள். கேட்கலாம். ஆனால் இந்த வருடத்துக் கடனையும் போன வருடத்துக் கடனையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு யாரும் கொப்பி எழுதி வைப்பதில்லை. பழைய கடனின் மிச்சம் புதிய கடனுக்குள் கலந்துதான் இருக்கும். இரண்டையும் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். கணக்கெடுப்பாளரும் எழுதிக்கொண்டு வந்துவிடுவார்.

மழை இன்னொரு காரணம். வன்னியில் நவம்பர், டிசெம்பர் மாதங்களில் பெய்வது பயணத்தைத் தாமதப்படுத்தும் மழை மட்டுமல்ல, சில வருடங்களில் ஆய்வையே இரண்டாகப் பிளந்துவிடும் மழை. 2018 டிசெம்பரில் நான் ஒரு கணக்கெடுப்பின் மேற்பார்வையாளராக இருந்தேன். 12 பிரிவுகளில் ஏழு பிரிவுகளை முடித்திருந்தோம். அந்த மாதம் 21, 22ஆம் திகதிகளில் வெள்ளம் வந்தது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கண்டாவளைப் பக்கம் சனங்கள் பாடசாலைகளில் தங்கினார்கள். மூன்று கிழமை கழித்து மிச்ச ஐந்து பிரிவுகளுக்குப் போனோம். வீடுகளில் ஆட்கள் இருந்தார்கள், பொறுமையாகப் பதிலும் சொன்னார்கள். ஆனால் அவர்கள் அழிந்த பயிரைப் பற்றியும் கிடைக்கப்போகும் நட்டஈட்டைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் ஏழு பிரிவுகளில் "அடுத்த போகத்துக்குக் கடன் எடுப்பீர்களா" என்று கேட்டதும் இந்த ஐந்தில் கேட்டதும் சொல்லளவில் ஒரே கேள்விதான். பதில்களை ஒரே நிரலில் போட எனக்கு மனம் வரவில்லை. கடைசியில் அந்த அறிக்கை ஏழு பிரிவுகளின் அறிக்கையாகத்தான் போனது. தாமதமானால் நாட்களைக் கூட்டிப் பிடித்துவிடலாம். களவேலை நடுவில் உடைந்தால் ஒட்ட வழியில்லை.

ஆகவே அட்டவணையை ஒக்டோபரிலிருந்து முன்னோக்கி எழுத வேண்டாம். களவேலைக்கு ஏற்ற சாளரம் எது என்று முதலில் குறியுங்கள். அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். இரணைமடுவின் கீழ் காலபோக அரிவிவெட்டு பொதுவாக ஜனவரி கடைசியில் தொடங்கி பெப்ரவரி முழுவதும் நடக்கும், பிந்தி விதைத்தவர்களுக்கு மார்ச் வரை இழுக்கும். வெட்டு நடக்கும் கிழமைகளில் போனால் ஆள் வீட்டில் இல்லை. இயந்திரத்தை மறித்துப் பிடிக்கவோ, வீதியோரம் காயும் நெல்லைக் காவல் காக்கவோ போயிருப்பார். வெட்டி இரண்டு மூன்று கிழமைக்குள் நெல் கைமாறிவிடும், உரக்கடைக்காரரும் வந்துவிட்டுப் போயிருப்பார். நினைவு சூடாக இருக்கும் காலம் அதுதான். ஏப்ரலில் சித்திரை வருடப்பிறப்பு, அதோடு சிறுபோக நீர்ப் பங்கீட்டுக் கூட்டங்கள், நிலம் பண்படுத்தும் வேலை என்று மறுபடி ஓட்டம் தொடங்கிவிடும். ஆக, பெப்ரவரி மூன்றாம் கிழமையிலிருந்து மார்ச் இரண்டாம் கிழமை வரை, ஏறத்தாழ மூன்று கிழமை. உங்களுக்கு இருப்பது அவ்வளவுதான்.

அப்படியானால் பகுப்பாய்வுக்கும் அறிக்கைக்கும் மூன்று கிழமைகூட மிஞ்சாதே என்று பயப்படுவீர்கள். மிஞ்சாதுதான். ஆனால் அதற்குமுன் நாலரை மாதம் இருக்கிறது. பகுப்பாய்வு தரவு வந்த பிறகு தொடங்கும் வேலை என்ற நினைப்பை விட்டால் அந்த நாலரை மாதத்தில் பாதி வேலை முடிந்துவிடும். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஒக்டோபர் முதல் கிழமையில் கேள்வி எழுத உட்காராதீர்கள். அட்டவணைகளை வரையுங்கள்; எண்கள் இல்லாத வெற்று அட்டவணைகள். அறிக்கையில் வரப்போகும் ஒவ்வோர் அட்டவணைக்கும் தலைப்பு, நிரை, நிரல் எல்லாம் போட்டு, கட்டங்களை மட்டும் வெறுமையாக விடுங்கள். உதாரணமாக ஒன்று: நிரையில் கடன் வாங்கிய இடம் (வங்கி, நுண்கடன் நிறுவனம், உரக்கடை, நகை அடகு, உறவினர்), நிரலில் வீடுகளின் எண்ணிக்கை, சராசரித் தொகை, வெட்டிய பின் அடைத்த விகிதம். இப்படி எட்டோ பத்தோ போதும். அதற்குப் பிறகு கேள்வி எழுதினால், எந்த அட்டவணைக்கும் போகாத கேள்வி உடனே கண்ணில் படும். நான் பார்த்த முதுமாணி வினாக்கொத்துகளில் மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்டவை. கூரை ஓடா தகரமா என்று கேட்டிருப்பார்கள். அறிக்கையில் கூரையே வராது. அந்தக் கேள்விகளை வெட்டினால் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம் மிஞ்சும். 240 வீட்டுக்கு 40 மணித்தியாலம். களவேலையில் சேமிக்கும் நாட்கள் உண்மையில் இங்கேதான் பிறக்கின்றன.

அதே முதற்கிழமையில் கடிதங்களும் போக வேண்டும். ஒழுக்கநெறிக் குழுவுக்கு விண்ணப்பம், மாவட்டச் செயலகத்துக்கும் கரைச்சி, கண்டாவளைப் பிரதேச செயலகங்களுக்கும் பல்கலைக்கழகத்தின் கடிதம், அங்கிருந்து கிராம அலுவலர்களுக்கு. இவை உங்கள் கையில் இல்லாத நாட்கள். குழு எப்போது கூடுகிறது என்பதையும் கடிதம் எந்த மேசையில் நிற்கிறது என்பதையும் நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஆகவே அட்டவணையில் இவற்றுக்குத் தனி நிரை போடுங்கள், ஆறு கிழமை கொடுங்கள், மற்ற வேலைகளோடு பக்கத்தில் ஓடவிடுங்கள். ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் ஒரு கையொப்பத்துக்காக முழு ஆய்வும் காத்து நிற்கும்.

பெயர்ப் பட்டியலையும் இப்போதே கேளுங்கள். வன்னியில் பட்டியல் ஒரு தனித் தொல்லை. கிராம அலுவலரிடம் இருக்கும் குடும்பப் பட்டியலில் பெயர் இருக்கும், காணியும் இருக்கும், ஆள் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ வெளிநாட்டிலோ இருப்பார். கமநல சேவை நிலையத்தின் பட்டியலில் வயலின் சொந்தக்காரர் இருப்பார். வயலைச் செய்கிறவர் குத்தகைக்காரராக வேறொரு பிரிவில் இருப்பார். உங்களுக்குத் தேவை கடன்பட்டுச் செய்கிறவர், காணி உறுதி வைத்திருப்பவர் அல்லர். இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்து, கமக்கார அமைப்பின் செயலாளர் ஒருவரோடு ஒரு மத்தியானம் உட்கார்ந்தால் ஒரு பிரிவின் பட்டியல் துப்புரவாகும். 12 பிரிவுக்கு 12 மத்தியானம். இதை யாரும் அட்டவணையில் போடுவதில்லை. பிறகு களவேலையின் முதல் நாளில் பூட்டிய கேற்றுகளுக்கு முன்னால் நின்றுகொண்டு கற்றுக்கொள்வார்கள். மழை நாட்களில் செய்வதற்கு ஏற்ற வேலை இது. நவம்பருக்கும் டிசெம்பருக்கும் தள்ளுங்கள். தெருவில் வெள்ளம் நின்றாலும் தொலைபேசியில் பாதி முடியும்.

இனி முன்னோடிச் சோதனை. இதற்கு நீங்கள் ஒரு மாதம் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு மாதம் தேவையில்லை. ஆனால் இரண்டு தடவை தேவை.

முதலாவது நவம்பர் தொடக்கத்தில், ஆறு வீடு போதும். இது நேரம் அளக்கும் சோதனை இல்லை, சொற்களைச் சோதிப்பது. நீங்களே போக வேண்டும், கணக்கெடுப்பாளரை அனுப்பக் கூடாது. உங்கள் மாதிரிக்குள் வராத இடமாக இருக்க வேண்டும். அதேவேளை செய்கை முறை ஒத்திருக்க வேண்டும். இரணைமடுவின் கீழ் உங்கள் மாதிரி என்றால், தனிக் குளம் உள்ள அக்கராயன் பக்கம் பொருந்தும்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு நடந்தது. "இந்தப் போகத்துக்குக் கடன் வாங்கினீர்களா?" என்று கேட்டேன். ஒரு அம்மா "கடன் ஒன்றும் இல்லை, தம்பி" என்றார். உரத்துக்கு எப்படிக் காசு வந்தது என்று கதையோடு கதையாகக் கேட்டபோது, "தாலிக்கொடி வங்கியில்தானே இருக்கிறது" என்றார். அவரைப் பொறுத்தவரை அடகு கடன் இல்லை. தன்னுடைய பொருளை வைத்துத் தன்னுடைய காசை எடுத்தது. உரக்கடையில் கொப்பியில் எழுதிவிட்டு வாங்கியதும் கடன் இல்லை, அது "நிலுவை". கடன் என்றால் நுண்கடன் நிறுவனத்திடமோ வட்டிக்காரரிடமோ வாங்கி, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் ஒன்று. ஆறு வீட்டில் நான்கில் இதே விதமான பதில். அந்தக் கேள்வியை அப்படியே 240 வீட்டில் கேட்டிருந்தால், வன்னியில் பெரும்பாலானோருக்குக் கடனே இல்லை என்ற கண்டுபிடிப்போடு நான் பட்டம் பெற்றிருப்பேன்.

வட்டியும் அப்படித்தான். "என்ன வட்டி?" என்றால் "அஞ்சு" என்பார்கள். தனியாளிடம் வாங்கியது என்றால் நூற்றுக்கு ஐந்து ரூபா, மாதத்துக்கு. வருடக் கணக்கில் அறுபது. வங்கி சொல்லும் வீதமோ வருடத்துக்கு. மாதமா வருடமா என்ற ஒரு கட்டம் வினாக்கொத்தில் இல்லாவிட்டால் பகுப்பாய்வில் அந்த நிரல் முழுவதும் குப்பை. நெல்லை மூடையில் சொல்வார்கள்; மூடைக்கு எத்தனை கிலோ என்று தனியாகக் கேட்காவிட்டால் அதுவும் அப்படியே.

இந்தத் திருத்தங்கள் சொல் மாற்றத்தோடு நிற்காது. "கடன் வாங்கினீர்களா" என்ற ஒரு கேள்வி, இடம் இடமாக ஐந்து கேள்விகளாக உடையும். பக்கங்கள் கூடும், எடுக்கும் நேரம் கூடும், ஒழுக்கநெறிக் குழுவுக்குத் திருத்திய பிரதி போக வேண்டும். அதனால்தான் முன்னோடிக்கும் களவேலைக்கும் இடையில் ஒரு கிழமை மட்டும் விடும் அட்டவணையை நான் நம்புவதில்லை. முன்னோடியில் ஒன்றும் மாறாது என்று முன்கூட்டியே முடிவெடுத்த அட்டவணை அது.

இரண்டாவது சோதனை ஜனவரி கடைசிக் கிழமையில், மாதிரிக்கு வெளியே, முந்தி விதைத்து முந்தி வெட்டியவர்கள் 12 பேரிடம். தைப்பொங்கல் கழிந்துவிடும், மழையும் குறைந்திருக்கும். இந்தத் தடவை உங்கள் கணக்கெடுப்பாளர்கள் எல்லோரும் போக வேண்டும். திருத்திய வினாக்கொத்து, கடன் அடைக்கும் பகுதியோடு சேர்த்து. இங்கே ஒவ்வொருவர் கையிலும் மணிக்கூடு இருக்க வேண்டும். கேள்வி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முந்திய வீட்டுக் கேற்றிலிருந்து இந்த வீட்டுக் கேற்றுக்கு வந்த நேரம் என மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். களவேலைக்கு எத்தனை நாள் என்ற கேள்விக்கு விடை சொல்லக்கூடியது இந்தத் துண்டுக் காகிதம் ஒன்றுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 12 வீட்டிலும் கேள்வி கேட்க எடுத்த சராசரி நேரம் 52 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து வீட்டுக்குப் போவது, நாயைக் கட்டும் வரை நிற்பது, யார் எவர் என்று அறிமுகம் செய்வது, தேநீர் குடிப்பது எல்லாம் சேர்ந்து இன்னொரு 25 நிமிடம். தேநீரை மறுத்து மிச்சம் பிடிக்க நினைக்க வேண்டாம். அதற்குப் பிறகுதான் அடகு பற்றிய பதில் வரும். ஆக ஒரு வீட்டுக்கு 77 நிமிடம். வேலை செய்யக்கூடிய நேரம் காலை ஏழரையிலிருந்து பதினொன்றரை, பின்னேரம் இரண்டரையிலிருந்து ஐந்தரை, ஏழு மணித்தியாலம். அதில் பிரிவுக்குள் போய் இறங்கி ஆட்களைப் பிரித்து அனுப்பவும், நாள் முடிவில் படிவங்களைப் பார்க்கவும் ஒரு மணித்தியாலம் போனால் மிச்சம் 360 நிமிடம். 360ஐ 77ஆல் வகுத்தால் ஏறத்தாழ நான்கே முக்கால். முக்கால் வீடு என்று ஒன்று கிடையாது, நான்கு. மாலை ஆறுக்குப் பிறகும் வேலை செய்து ஐந்தாக்கலாம் என்பவர்கள் யானை வரும் வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓடாதவர்கள்.

நான்கு கணக்கெடுப்பாளர்கள் என்றால் நாளுக்கு 16 வீடு, 240க்கு 15 நாள். ஐவர் என்றால் நாளுக்கு 20 வீடு, 12 நாள். வித்தியாசம் மூன்று நாள் என்று தோன்றும். உண்மையில் அதைவிடக் கூட. 20 வீடு என்றால் ஒரு பிரிவு ஒரு நாளில் முடிந்துவிடும். 16 என்றால் முதல் பிரிவிலேயே நான்கு வீடு மறுநாளுக்கு நிற்கும். வட்டக்கச்சியில் நான்கு வீட்டை முடித்துவிட்டு முரசுமோட்டைக்குப் போய்ச் சேரும்போது காலை நேரம் போய்விடும். ஐந்தாவது ஆளுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் பாதியாவது மிச்சமாகும் பெற்றோல் செலவாகத் திரும்பி வரும். ஐவரை எடுங்கள்.

முதல் தடவை போகும்போது ஆள் இல்லாத வீடு எத்தனை என்பதையும் முன்னோடி சொல்லும். 12இல் மூன்று என்றால் 240இல் 60 வீட்டுக்கு மறுபடி போக வேண்டும். அன்று பின்னேரமே சில கிடைக்கும். மிச்சத்துக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள், அதையும் கடைசியில் ஒன்றாகச் சேர்த்து வைக்காமல் நான்கு பிரிவுக்கு ஒரு நாள் என்று இடையிடையே போடுங்கள். ஆளில்லாத வீட்டுக்குப் பதிலாகப் பக்கத்து வீட்டை எடுக்கும் பழக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டாம். பகலில் வீட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள், கூலிக்குப் போகத் தேவையில்லாதவர்கள். அதிகம் கடன்பட்டவர்தான் விடிய வேலைக்குப் போயிருப்பார். மூன்று தடவை போயும் கிடைக்காவிட்டால் மட்டும், முன்கூட்டியே குலுக்கி எடுத்து வைத்த ஐந்து மேலதிகப் பெயர்களிலிருந்து எடுங்கள்.

12ம் 3ம் 15 வேலைநாள். ஞாயிற்றுக்கிழமை விட்டால் இரண்டரைக் கிழமை. மூன்று கிழமைச் சாளரத்தில் 18 வேலைநாள் இருக்கிறது. மிஞ்சும் மூன்றும் ஊரில் நடக்கும் செத்தவீட்டுக்கும், மகா சிவராத்திரிக்கும், பழுதாகும் மோட்டார் சைக்கிளுக்கும். எக்செல்லில் திகதி போடுவதானால், B2இல் தொடங்கும் நாளையும் F2 தொடக்கம் F10 வரை போக முடியாத நாட்களையும் எழுதிவிட்டு இந்தச் சூத்திரத்தைக் கொடுங்கள். 15ஆம் வேலைநாள் எந்தத் திகதி என்று வரும். நடுவில் உள்ள 11 என்பது ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறி.

```
=WORKDAY.INTL(B2-1,15,11,F2:F10)
```

போக முடியாத நாட்கள் என்பவை அரச விடுமுறைகள் மட்டுமல்ல. நுண்கடன் நிறுவனங்கள் ஊருக்கு ஊர் ஒரு வசூல் நாள் வைத்திருக்கின்றன. அந்த நாளில் கோப்பும் கையுமாக மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும் உங்கள் கணக்கெடுப்பாளரைப் பார்த்தால் பின்கதவால் ஆள் போய்விடும். எந்தப் பிரிவில் எந்த நாள் என்று பட்டியல் எடுக்கும்போதே கேட்டு வைத்தால், பிரிவுகளின் வரிசையை மாற்றி அமைத்துவிடலாம். நாள் ஒன்றும் வீணாகாது. இதற்கு எதிர்மாறாக ஒன்றும் உண்டு. 2018இல் வறட்சி மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்த பிறகு, கடனைப் பற்றிக் கேட்க யார் போனாலும் தள்ளுபடிப் பட்டியல் எடுக்க வந்தவர்கள் என்று நினைப்பவர்கள் இருந்தார்கள். அப்படியான அறிவிப்பு நடுவில் வந்தால் திகதியைக் குறித்து வையுங்கள். அதற்கு முன்னும் பின்னும் வந்த பதில்களைப் பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் கணக்கெடுப்பாளர்கள் அறிவியல் நகர்ப் பல்கலைக்கழக வளாகத்து மாணவர்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுடைய பரீட்சைத் திகதிகளை இப்போதே எழுதி வாங்குங்கள். பெப்ரவரியில் ஐந்து பேரில் மூன்று பேர் பரீட்சை எழுதப் போனதால் களவேலை நின்ற கதையை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை கேட்டிருக்கிறேன்.

தரவு உள்ளீட்டுக்கு நீங்கள் போட்ட ஜனவரி மாதம் தேவையே இல்லை. அது களவேலையின் இரண்டாம் நாளில் தொடங்க வேண்டிய வேலை. எட்டுப் பக்கப் படிவம் ஒன்றைப் பதிய 15 நிமிடம் என்றால், நாளுக்கு வரும் 20 படிவத்துக்கு ஐந்து மணித்தியாலம். ஒரு ஆள் வீட்டிலிருந்து செய்துவிடுவார். களத்தோடு கூடவே ஓடி, களம் முடிந்த மறுநாள் முடிப்பார். எல்லாவற்றையும் கட்டி வைத்துவிட்டுப் பிறகு தொடங்கினால் 60 மணித்தியாலம், நாளுக்கு ஆறு மணித்தியாலம் வீதம் பத்து நாள். இரண்டு பேர் தனித்தனியாகப் பதிந்து ஒப்பிட்டால் பிழைகள் பிடிபடும். முழுவதற்கும் முடியாவிட்டால் பத்தில் ஒரு படிவத்துக்காவது செய்யுங்கள்.

நாள் மிச்சம் என்பதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. நான் ஈடுபட்ட ஒரு கணக்கெடுப்பில் மூன்றாம் நாள் பதியும்போது, ஒரே கணக்கெடுப்பாளரின் எட்டுப் படிவங்களில் விளைச்சல் ஏக்கருக்கு 1,800, 2,100 என்று இருந்தது. மற்றவர்களுடையதில் 25, 30. அவர் கிலோவில் எழுதிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் மூடையில். அன்று இரவே பேசினோம், எட்டு வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்தினோம், நான்காம் நாளிலிருந்து சரி. அதே பிழை ஒரு மாதம் கழித்துத் தெரிந்திருந்தால் அவர் கையில் 48 படிவம் இருந்திருக்கும். எது கிலோ, எது மூடை என்று ஊகிக்க வேண்டி வந்திருக்கும். கைத்தொலைபேசியில் KoboCollect போன்ற செயலியில் நேரே பதிந்தால் உள்ளீடு என்ற கட்டமே இல்லாமல் போகும் என்பது உண்மை. ஆனால் அந்தப் படிவத்தை உருவாக்கி, தாண்டிப் போகும் கேள்விகளையும் எல்லைகளையும் சோதிக்க டிசெம்பரில் இரண்டு கிழமை வேண்டும். வேலை மறையவில்லை, முன்னால் நகர்ந்திருக்கிறது. உங்களுக்கு டிசெம்பர் எப்படியும் சும்மாதான் இருக்கிறது; அதனால் நான் அதைத்தான் தெரிவு செய்வேன். செயலி வைத்திருந்தாலும் ஒவ்வோர் இரவும் யாராவது ஒருவர் அன்றைய 20ஐயும் திறந்து பார்க்க வேண்டும்.

பகுப்பாய்வுக்கு மிஞ்சுவது மார்ச் இரண்டாம் கிழமைக்குப் பிறகு இருபது நாள்போல. முதல் ஐந்து நாள் துப்புரவாக்க: விடுபட்டவை, பொருந்தாதவை, கடன் தொகைக்குப் பூச்சியம் கூடியவை குறைந்தவை. அடுத்த ஐந்து நாளில் ஒக்டோபரில் வரைந்த வெற்று அட்டவணைகளை நிரப்ப வேண்டியதுதான். ஜனவரி முன்னோடியின் 12 வீட்டுத் தரவை வைத்து அந்த அட்டவணைகளை ஒரு தடவை நிரப்பிப் பார்த்திருந்தால், கட்டளைகள் எல்லாம் எழுதித் தயாராக இருக்கும். 12க்குப் பதில் 240 என்று கோப்பை மாற்றுவதுதான் மிச்சம். ஆனால் அந்த 12 வீட்டையும் கடைசித் தரவில் சேர்க்க வேண்டாம்; அவை மாதிரிக்கு வெளியே எடுத்தவை. மீதிப் பத்து நாளும் எழுத. அறிமுகம், இலக்கியம், முறையியல் மூன்றும் மழை மாதங்களில் எழுதி முடித்திருக்க வேண்டும். இருபது நாளில் முழு ஆய்வேட்டையும் எழுத யாராலும் முடியாது.

மேற்பார்வையாளர் இன்னொன்றும் கேட்பார்: அரிவிவெட்டு பிந்தினால்? பிந்தும். விதைப்பு பிந்திய வருடங்களில் இரண்டு கிழமைகூடப் பிந்தும். ஆகவே அட்டவணையில் பெப்ரவரி 10க்கு எதிரே "முடிவெடுக்கும் நாள்" என்று எழுதுங்கள். அன்று கமநல சேவை நிலையத்துக்கும் நான்கைந்து கமக்கார அமைப்புகளுக்கும் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள். பாதிக்கு மேல் வெட்டி முடிந்திருந்தால் திட்டமிட்ட திகதியில் தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு கிழமை தள்ளுங்கள், அந்தக் கிழமையை எங்கிருந்து எடுப்பது என்பதையும் இப்போதே எழுதி வையுங்கள். துப்புரவாக்கும் நாட்களிலிருந்து எடுக்க வேண்டாம். எல்லோரும் அங்கேதான் கைவைப்பார்கள். பிரிவுக்கு 20 வீட்டை 15 ஆக்குங்கள். 12 பிரிவும் நிற்கட்டும், மொத்தம் 180. ஐவர் நாளுக்கு மூன்று வீடு வீதம் செய்தாலே ஒரு பிரிவு முடிந்துவிடும், மத்தியானத்துக்குப் பிறகு ஆளில்லாத வீடுகளுக்கு அன்றே திரும்பிப் போகலாம். மறுபடி போவதற்கென்று வைத்த மூன்று நாளும் மிஞ்சும் நாட்களும் அப்படியே கையில் வரும். பிரிவுகளைக் குறைத்து வீடுகளை அப்படியே வைப்பதைவிட இது நல்லது. ஒரே வாய்க்காலில் நீர் எடுத்து, ஒரே உரக்கடையில் நிலுவை வைத்திருக்கும் இருபது வீட்டின் பதில்கள் ஒன்றை ஒன்று பெரிதும் ஒத்திருக்கும். பதினைந்தாவது வீட்டுக்குப் பிறகு வருபவை உங்களுக்குப் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான்.

மேற்பார்வையாளருக்கு அனுப்பும்போது ஒரே தாளில் அனுப்புங்கள்: மேலே கிழமைகள், இடப்பக்கம் வேலைகள், நவம்பர் நடுவிலிருந்து டிசெம்பர் கடைசி வரை "களத்துக்குப் போவதில்லை" என்று ஒரு நிழல் பட்டை. களவேலை நிரையில் இப்போது எழுதும் 15 நாள் என்பது உத்தேசம், ஜனவரி கடைசியில் இரண்டாம் முன்னோடிக்குப் பிறகு திருத்தப்படும் என்று அடியில் குறிப்பிடுங்கள். பெப்ரவரி முதல் கிழமையில் அந்த எண்ணைத் திருத்தி மறுபடி அனுப்புங்கள்.